கட்டுரையை அனுப்பும் நேரத்தில் ‘Session expired’: ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

“வணக்கம் சார். இன்று காலை ஐந்தாம் ஆண்டுத் தமிழ்மொழித் தேர்வில் 24 பேரில் 9 பிள்ளைகளுக்குக் கட்டுரையை அனுப்பும்போது Session expired என்று வந்துவிட்டது. எழுதியது எல்லாம் போய்விட்டது. அதிலும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் அதிகம். என்ன ஆயிற்று?”

பிள்ளைகள் எந்தத் தவறும் செய்யவில்லை. டீச்சரும் செய்யவில்லை. தேர்வுத் தளம் ஓடுகிற சர்வரில், ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் “சும்மா” இருந்தால் வெளியேற்றலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு நம் தேர்வுக்குப் பொருந்தாமல் இருந்ததுதான் காரணம்.

இந்த மின்னஞ்சலில் எனக்கு மிகவும் உதவிய வரி எது என்றால், “நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் அதிகம்” என்பதுதான். டீச்சர் அதை வருத்தத்தில் எழுதினார். ஆனால் சிக்கலின் சாவி அதில்தான் இருந்தது. இணையமோ கணினியோ கோளாறு என்றால் அது கெட்டிக்காரப் பிள்ளை, மெதுவான பிள்ளை என்று பார்த்து வராது. அப்படிப் பார்த்து வந்திருக்கிறது என்றால், அந்தப் பிள்ளைகள் தேர்வை எழுதிய விதத்தில் ஏதோ ஒன்று மற்றவர்களிடமிருந்து வேறுபட்டிருக்க வேண்டும். அது என்ன என்று கீழே சொல்கிறேன்.

“பிள்ளை சும்மா இருக்கவில்லையே, தட்டச்சு செய்துகொண்டுதானே இருந்தாள்?”

உண்மைதான். ஆனால் அது சர்வருக்குத் தெரியாது.

பிள்ளை பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே நுழைந்ததும் சர்வர் அவள் பெயரில் ஒரு சீட்டு எழுதித் தன் பெட்டியில் வைத்துக்கொள்கிறது. அந்தச் சீட்டின் எண் மட்டும் குக்கியாக அவளுடைய உலாவிக்கு வருகிறது. செஷன் என்பது இந்தச் சீட்டுதான். அவள் ஒவ்வொரு முறை ஒரு பட்டனை அழுத்தும்போதும் உலாவி அந்த எண்ணைக் காட்டுகிறது. சர்வர் சீட்டைத் தேடி எடுத்து, “ஆமாம், இது அந்தப் பிள்ளைதான்” என்று உறுதி செய்துகொண்டு, கடைசியாகப் பார்த்த நேரத்தையும் அதில் புதுப்பித்துக்கொள்கிறது.

தட்டச்சு அப்படி இல்லை. எழுத்துகள் கணினியின் திரையிலேயே நிற்கின்றன. Hantar பட்டனை அழுத்தும்வரை ஓர் எழுத்துகூடப் பள்ளியைத் தாண்டிப் போவதில்லை. 40 நிமிடம் விடாமல் கட்டுரை எழுதுகிற பிள்ளையும், கணினியைத் திறந்து வைத்துவிட்டுக் கேன்டீனுக்குப் போன பிள்ளையும் சர்வரின் கண்ணுக்கு ஒன்றுதான்.

நம் பள்ளியில் இது ஏன் இவ்வளவு கடுமையாகத் தாக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள். வீட்டில் கணினி இல்லை, தமிழ்த் தட்டச்சு பழகுவது வாரத்தில் ஒரு முறை நம் கணினி அறையில்தான். அஞ்சல் முறையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடிக்கிற பிள்ளைக்கு 80 சொல் கட்டுரை 40 நிமிட வேலை. பெரியவர்களை மனத்தில் வைத்துக் கட்டிய தளத்தில், ஒரே பக்கத்தில் 40 நிமிடம் உட்காருகிறவர் இருப்பார் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

“திரையில் இன்னும் 20 நிமிடம் இருப்பதாகக் காட்டியதே?”

அந்தக் கடிகாரம் வேறு, செஷன் வேறு. மேலே ஓடுகிற நேரம் பிள்ளையின் உலாவிக்குள் ஓடுகிறது. தேர்வு 75 நிமிடம் என்று ஒரு முறை தெரிந்துகொண்டால் போதும், அதன் பிறகு சர்வரைக் கேட்காமல் தானாகவே குறைத்துக்கொண்டே போகும். சீட்டு கிழிக்கப்பட்டது அதற்குத் தெரியாது. அதனால்தான் எந்த எச்சரிக்கையும் இல்லாமல், அனுப்பும் அந்த நொடியில் பிள்ளைக்கு அதிர்ச்சி வருகிறது. கடிகாரம் ஓடுகிறது என்பதால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தயவுசெய்து முடிவு செய்துவிடாதீர்கள்.

“மற்ற 15 பேரும் அதே தேர்வைத்தானே எழுதினார்கள்? அவர்களுக்கு ஏன் வரவில்லை?”

இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு இரண்டு நாள் ஆனது. தளத்தை நடத்தும் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பணியாளர் சர்வரின் அன்றைய பதிவேட்டை அனுப்பி வைத்தார். அதையும் டீச்சரின் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதலில் இரண்டு விவரங்கள். தளம் பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது, உபுண்டு என்ற இயங்குதளம் உள்ள சர்வரில் ஓடுகிறது. பி.எச்.பி.யில் யாரும் எதையும் மாற்றாவிட்டால் சீட்டின் ஆயுள் 1440 வினாடி, அதாவது 24 நிமிடம். அடுத்தது, உபுண்டுவில் 24 நிமிடம் ஆன அந்த நொடியிலேயே சீட்டு போய்விடுவதில்லை. கூட்டுகிறவர் போல ஒரு சிறிய நிரல் ஒவ்வொரு மணியிலும் 9ஆவது நிமிடத்திலும் 39ஆவது நிமிடத்திலும் வந்து, 24 நிமிடத்துக்கு மேல் யாரும் தொடாத சீட்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போகிறது. அது வரும்வரை பழைய சீட்டும் செல்லும்.

இப்போது நம் தேர்வுக்கு வருவோம். தொடக்கம் காலை 8:00, முடிவு 9:15. முதல் பகுதி 20 பல்தேர்வுக் கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் Seterusnya அழுத்துவதால் சீட்டு புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டாம் பகுதி கட்டுரை. அந்தப் பக்கம் திறந்ததிலிருந்து அனுப்பும்வரை சர்வருக்கு ஒரு சத்தமும் போகாது.

கெட்டிக்காரப் பிள்ளைகள் 7 பேர் பல்தேர்வை விரைவாக முடித்துவிட்டு 8:15க்கு முன்பே கட்டுரைக்கு வந்துவிட்டார்கள். 8:39க்குக் கூட்டுகிறவர் வந்தார். 24 நிமிடம் பின்னால் எண்ணினால் 8:15. அதற்கு முன் கடைசியாகத் தொட்ட சீட்டுகள் எல்லாம் போய்விட்டன. இந்த 7 பேரில் ஒரு பையன் மட்டும் 8:37க்கே அனுப்பிவிட்டான், அவன் தப்பித்தான். மற்ற 6 பேர் நேரம் இருக்கிறதே என்று நிதானமாக எழுதி, 8:45க்கும் 9:05க்கும் இடையில் அனுப்பினார்கள். 6 பேருக்கும் Session expired.

மீதி 17 பேர் 8:15க்குப் பிறகுதான் கட்டுரைக்கே வந்தார்கள். 8:39க்கு அவர்களுடைய சீட்டுகளுக்கு 24 நிமிடம் ஆகவில்லை, அதனால் அவை பெட்டியிலேயே இருந்தன. இவர்களில் 14 பேர் 9:09க்குள் அனுப்பிவிட்டார்கள். ஒரு மாணவி 8:20க்குக் கட்டுரைப் பக்கத்தைத் திறந்து 9:00 மணிக்கு அனுப்பியிருக்கிறாள், 40 நிமிட இடைவெளி, ஆனாலும் கட்டுரை போய்ச் சேர்ந்துவிட்டது. கூட்டுகிறவர் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். மீதி 3 பேர் கடைசிவரை எழுதி 9:12க்கு அனுப்பினார்கள். அதற்குள் 9:09க்கு அடுத்த சுற்று முடிந்திருந்தது. இந்த மூவரும் 6 பேரும் சேர்ந்து 9.

வேகமாக முடித்தவர்களையும், கடைசிவரை உழைத்தவர்களையும் பார்த்து அடித்திருக்கிறது. இந்த இரண்டு வகைப் பிள்ளைகளைத்தான் நாம் வகுப்பில் பாராட்டுகிறோம் என்பதை நினைத்தபோது மனசு கஷ்டமாக இருந்தது.

“வைஃபை மோசம் என்று எல்லாரும் சொல்கிறார்களே சார்?”

நம் ஊரில் வைஃபை மோசம்தான், அதை நான் மறுக்கவில்லை. மழை வந்தால் இணையம் போகும், மின்சாரமும் போகும். ஆனால் இந்தச் சிக்கலுக்கு அது காரணம் இல்லை. Session expired என்ற வாசகத்தை அனுப்புவது சர்வர். அது திரைக்கு வந்திருக்கிறது என்றால், பிள்ளை அழுத்தியது சர்வரைச் சென்று சேர்ந்து, பதிலும் திரும்பி வந்திருக்கிறது. அந்த நொடியில் இணையம் வேலை செய்திருக்கிறது. இணையம் இல்லை என்றால் உலாவியே தன் சொந்தப் பக்கத்தைக் காட்டும், அதில் ERR_INTERNET_DISCONNECTED போன்ற ஒரு குறியீடு இருக்கும். இல்லையென்றால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். திரையில் இருந்த சொற்களை அப்படியே எழுதி அனுப்புங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில தளங்கள் சீட்டோடு இணைய முகவரியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளும். பள்ளி வைஃபை தடுமாறுகிறது என்று நடுவில் டீச்சர் தன் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாற்றினால் முகவரி மாறும், அடுத்து அழுத்தும் பட்டனிலேயே வெளியே தள்ளிவிடும். இதை அடையாளம் காண்பது எளிது. மாற்றியவுடனேயே வரும், மாற்றிய கணினிகளுக்கு மட்டும் வரும்.

“ஒரே கணினியில் இரண்டு பிள்ளைகள் மாறி மாறி எழுதினால் இப்படி வருமா?”

வேறு விதமாக வரும். ஒரே உலாவியில் எத்தனை தாவல்கள் திறந்தாலும் குக்கி ஒன்றுதான். முதல் பிள்ளை வெளியேறாமல் விட்டுப்போன கணினியில் இரண்டாம் பிள்ளை புதுத் தாவலில் நுழைந்தால், முதல் பிள்ளையின் சீட்டு எண் மேல் புது எண் எழுதப்பட்டுவிடும். முதலாமவன் திரும்பி வந்து தன் தாவலில் அனுப்பினால் வெளியே தள்ளப்படலாம். அதைவிட மோசம், அவன் பதில் இவள் பெயரில் பதிவாகலாம். கணினி போதவில்லை என்றால் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழு முழுவதுமாக வெளியேறிய பிறகு அடுத்ததை உட்கார வையுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம்.

“போன கட்டுரையைத் திரும்ப எடுக்கவே முடியாதா?”

முதல் ஒரு நிமிடத்தில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. சர்வரில் தேடிப் பயன் இல்லை, அங்கே அது போகவே இல்லை. ஆனால் பிள்ளையின் உலாவியில் இன்னும் இருக்க வாய்ப்பு உண்டு.

செய்தி வந்ததும் பிள்ளை எதையும் தொடாமல் கை தூக்கட்டும். F5 அழுத்தக் கூடாது, தாவலை மூடக் கூடாது, அதே தாவலில் மறுபடி உள்ளே நுழையக் கூடாது. செய்தி ஒரு சிறு பெட்டியாகக் கட்டுரைக்கு மேல் வந்து, பின்னால் எழுத்து தெரிந்தால், முதலில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எழுத்து படத்தில் இருந்தால் மோசமான நிலையிலும் பார்த்துத் திருத்தலாம். பிறகு பெட்டியை மூடி, கட்டுரைக்குள் சொடுக்கி, Ctrl+A, Ctrl+C அழுத்தி நோட்பேடில் ஒட்டிச் சேமியுங்கள். பக்கமே மாறி உள்நுழைவுப் பக்கம் வந்திருந்தால், உலாவியின் பின்னோக்கு அம்பை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். பல சமயம் உலாவி பழைய பக்கத்தை எழுத்தோடு திரும்பக் காட்டும். காட்டினால் உடனே பிரதி எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

எழுத்து பத்திரமான பிறகு, அதே உலாவியில் புதுத் தாவல் திறந்து அதே பிள்ளையின் பெயரில் உள்ளே நுழையுங்கள். இப்போது புதுச் சீட்டு இருக்கிறது. தேர்வு இன்னும் திறந்திருந்தால் கட்டுரைப் பக்கத்துக்குப் போய் ஒட்டி, நேரம் கடத்தாமல் அனுப்பிவிடலாம்.

அன்று 9 பேரில் 3 பேரின் கட்டுரை இப்படிக் கிடைத்தது. 9:12க்கு அனுப்பிய அந்த மூவர்தான். முதல் 6 பேரைப் பார்த்த டீச்சர், இவர்களிடம் “யாரும் எதையும் தொடாதீர்கள்” என்று சொல்லிவிட்டு எனக்குப் போன் செய்தார். முதல் 6 பேர் பயத்தில் மறுபடி மறுபடி அழுத்திவிட்டார்கள். பத்து, பதினொரு வயதுப் பிள்ளை வேறு என்ன செய்யும்?

“உங்களுக்கு மின்னஞ்சல் எழுதும்போது என்னென்ன எழுத வேண்டும்?”

நீளமாக எழுத வேண்டாம். எனக்கு வேண்டியது நேரங்கள். பிள்ளை கடைசியாக எப்போது ஒரு பட்டனை அழுத்தினாள், அதன் பிறகு எப்போது அனுப்பினாள். இந்த இரண்டும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அன்று முதல் மின்னஞ்சல் வந்த பிறகு நான் டீச்சரிடம் கேட்டு வாங்கிய இரண்டாவது மின்னஞ்சல் இது. இதையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்:

> ஐயா, வணக்கம்.
>
> தேர்வு: ஐந்தாம் ஆண்டு, தமிழ்மொழி, இன்று காலை 8:00 முதல் 9:15 வரை. கணினி அறையின் சுவர்க் கடிகாரப்படி.
>
> திரையில் வந்த வாசகம்: Session expired. Please log in again. முகவரிப் பட்டையும் தெரியும்படி திரையைப் படம் எடுத்து இணைத்துள்ளேன்.
>
> 24 பேரில் 9 பேருக்கு வந்தது. 6 பேருக்கு 8:45க்கும் 9:05க்கும் இடையில், 3 பேருக்கு 9:12க்கு. எல்லாருக்கும் கட்டுரைப் பக்கத்தில் Hantar அழுத்தியபோதுதான். பல்தேர்வுப் பகுதியில் யாருக்கும் வரவில்லை.
>
> முதல் 6 பேரும் கட்டுரையைச் சீக்கிரம் தொடங்கியவர்கள், எல்லாம் 8:15க்கு முன். 9 பேரின் மாணவர் எண்கள் கீழே.
>
> நடுவில் வைஃபை மாற்றவில்லை. ஒரு கணினிக்கு ஒரு பிள்ளை. மின்சாரம் போகவில்லை.
>
> இதுவரை செய்தது: 3 பேரின் கட்டுரையை நோட்பேடில் எடுத்து வைத்துள்ளேன். அந்த 3 கணினிகளையும் அணைக்கவில்லை.

இதில் யாருக்கு வரவில்லை, எங்கே வரவில்லை என்பதும் இருக்கிறது பாருங்கள். “பல்தேர்வில் யாருக்கும் வரவில்லை” என்ற ஒரு வரி, சர்வர் நடுவில் நின்று மறுபடி எழுந்ததோ என்ற சந்தேகத்தைத் துடைத்துவிட்டது. சர்வர் நின்றிருந்தால் மெதுவாகப் பல்தேர்வு செய்துகொண்டிருந்த பிள்ளைகளும் அதே நிமிடத்தில் விழுந்திருப்பார்கள்.

சுவர்க் கடிகாரம் என்று குறித்ததும் நல்லது. நம் அறையில் சில கணினிகளின் கடிகாரம் தப்பு. அதோடு சர்வரின் பதிவேடு உலகப் பொது நேரத்தில் இருக்கிறது, நம்மைவிட 8 மணி நேரம் பின்னால். நம் 8:39 அங்கே 00:39. எல்லா நேரமும் ஒரே கடிகாரத்தில் இருந்தால்தான் இரண்டையும் பொருத்த முடியும்.

பிள்ளைகளின் கடவுச்சொல்லை மட்டும் அனுப்பாதீர்கள். மாணவர் எண் போதும். புலனக் குழுவில் பெயர்ப் பட்டியலைப் போட வேண்டாம், பெற்றோர் பயந்துவிடுகிறார்கள்.

“நிறுவனத்தில் கேட்டால் ‘நாங்கள் 2 மணி நேரம் வைத்திருக்கிறோம்’ என்கிறார்கள். அப்படியானால்?”

எனக்கும் அதே பதில்தான் வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. தளத்தின் நிரலுக்குள் இப்படி ஒரு வரி உண்மையிலேயே இருந்தது:

```
ini_set('session.gc_maxlifetime', 7200);
```

7200 வினாடி என்றால் 2 மணி நேரம். ஆனால் உபுண்டுவில் கூட்டுகிறவர் தளத்தின் நிரலைப் படிப்பதில்லை. அவர் பார்ப்பது சர்வரில் பி.எச்.பி.யின் அமைப்புகள் இருக்கிற php.ini கோப்பை. அதில் பழைய 1440 அப்படியே இருந்தது. நிரல் 2 மணி நேரம் என்று நினைத்துக்கொண்டிருக்க, கூட்டுகிறவர் 24 நிமிடக் கணக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். உபுண்டுவிலும், அதற்கு மூலமான டெபியன் இயங்குதளத்திலும் பலர் விழுந்து எழுந்த குழி இது.

அதனால் “எவ்வளவு நேரம் வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்காமல், “எந்தக் கோப்பில் வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் தொழில்நுட்பப் பணியாளர் நேரில் போய்ப் பார்த்தார். php.ini கோப்பில் மாற்றிய வரி:

```
session.gc_maxlifetime = 7200
```

75 நிமிடத் தேர்வுக்கு ஏன் 2 மணி நேரம் என்றால், தாமதமாகத் தொடங்குவதும் கூடுதல் நேரம் கொடுப்பதும் நம் பள்ளியில் நடக்கும். அதற்கு மேல் நீட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. பொதுக் கணினியில் ஒரு பிள்ளை வெளியேறாமல் போனால், அடுத்த பிள்ளை அவன் கணக்குக்குள் உட்காரும் வாய்ப்பும் அதே அளவுக்கு நீளும். தேர்வு முடிந்ததும் Log Keluar அழுத்தச் சொல்வது இப்போது முன்னைவிட முக்கியம்.

வேறு தளம், வேறு சர்வர் என்றால் எண்கள் மாறும். டாம்கேட்டில் வழக்கமான ஆயுள் 30 நிமிடம், ஏ.எஸ்.பி. டாட் நெட்டில் 20 நிமிடம். 9, 39 என்ற கூட்டும் நேரம் டெபியன், உபுண்டு வழக்கம் மட்டுமே. ஆனால் தேடும் வழி ஒன்றுதான். கடைசியாக அழுத்தியதற்கும் அனுப்பியதற்கும் உள்ள இடைவெளியைப் பிள்ளை பிள்ளையாக எழுதிப் பாருங்கள்.

“நேரத்தை நீட்டினால் போதுமா?”

போதாது. நீட்டியது இந்த ஒரு நோய்க்கு மருந்து. மின்சாரம் போனால் எழுதியது அப்போதும் போகும். நான் நிறுவனத்திடம் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பது தானாகச் சேமிக்கும் வசதி. நிமிடத்துக்கு ஒரு முறை கட்டுரைப் பெட்டியில் உள்ளதை உலாவி தானே சர்வருக்கு அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பும்போது சீட்டும் புதுப்பிக்கப்படும், ஆகவே செஷன் சாவதும் இல்லை, செத்தாலும் போவது ஒரு நிமிட எழுத்துதான். சேமித்த நேரம் திரையில் தெரிய வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன். சேமிப்பது சத்தமில்லாமல் நின்றுபோனால் பிள்ளைக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

அது வரும்வரை ஒரு கைவைத்தியம். நம் தளத்தில் Sebelumnya அழுத்தினால் கட்டுரைப் பெட்டியில் உள்ளது சேமிக்கப்பட்டு முந்தைய கேள்விக்குப் போகிறது. மறுபடி Seterusnya அழுத்தினால் எழுத்து அப்படியே இருக்கிறது. இதை நான் சோதனைக் கணக்கில் மூன்று முறை செய்து பார்த்த பிறகே சொல்கிறேன். தேர்வின்போது 15 நிமிடத்துக்கு ஒரு முறை டீச்சர் சொல்ல, எல்லாரும் ஒன்றாக முந்தைய கேள்விக்குப் போய்த் திரும்பி வரட்டும். வேறு தளத்தில் இதை அப்படியே செய்யாதீர்கள், சில தளங்களில் பக்கம் மாறினால் எழுதியது அழிந்துவிடும்.

“சரியாகிவிட்டது என்று எப்படி நம்புவது?”

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, சோதனைக் கணக்கில் கட்டுரைப் பக்கத்தைத் திறந்து ஒரு வரி எழுதிவிட்டு விட்டுவிடுங்கள். எடுத்துக்காட்டாக 10:05க்குத் திறந்தால் 11:15 வரை தொடாதீர்கள். அதற்குள் 10:39, 11:09 என்று இரண்டு கூட்டும் நேரங்கள் கடந்துவிடும். கணினி தூங்கிவிடாமல் அமைப்பை மாற்றி வையுங்கள். 11:15க்கு Hantar அழுத்துங்கள். போய்ச் சேர்ந்தால் சரி.

வெறும் 25 நிமிடம் காத்திருந்து பார்ப்பது பயன் தராது. கூட்டுகிறவர் வராத இடைவெளியில் அழுத்திவிட்டு, எல்லாம் சரி என்று ஏமாந்துவிடுவோம். நான் முதல் நாள் அப்படித்தான் 10:10க்குத் திறந்து 10:36க்கு அழுத்திப் பார்த்து, தளத்தில் குறையே இல்லை என்று டீச்சரிடம் சொன்னேன். அது தப்பு. அதற்கு அவரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

“அந்த 6 பிள்ளைகளுக்கு மதிப்பெண் என்ன சார்?”

பல்தேர்வு விடைகள் ஒவ்வொன்றும் அழுத்தியபோதே சேர்ந்துவிட்டதால் அவை பத்திரமாக இருக்கின்றன, அதில் யாரும் எதையும் இழக்கவில்லை. கட்டுரைக்குத் தளம் தானாகப் போட்ட 0 தவறு. அதை நீக்கும்படி பதிவேட்டோடு துணைத் தலைமையாசிரியருக்கு எழுதினேன், அவர் ஒத்துக்கொண்டார். 6 பேரும் அந்த வாரமே வேறு தலைப்பில், தாளில் பேனாவால் கட்டுரை எழுதினார்கள். கணினியில் மறுபடி எழுதச் சொல்லலாமா என்று டீச்சர் ஒவ்வொருவரையும் கேட்டிருக்கிறார். ஒரு பிள்ளைகூடச் சரி என்று சொல்லவில்லை.